தூக்கம் எந்த நாளில் வந்தது?

ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், இரண்டு பேருக்கு முதுகுப் பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்கு வயது 26, எடை 78 கிலோ. அரிசி மூட்டையைக் குனிந்த வாக்கில் தூக்கியதால் வந்த வலி. பாட்டிக்கு வயது 74, எடை 42 கிலோ. காரணமே தெரியாமல் ஒரு காலையில் பிடித்துக்கொண்டது. தசை இறுக்கம் தளரட்டும் என்று இருவருக்கும் டயசெபாம் 5 மில்லிகிராம், ராத்திரி ஒன்று என எழுதித் தரப்படுகிறது.

பேரன் முதல் ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். பாட்டிக்கும் முதல் இரண்டு நாள் நிம்மதியான தூக்கம்தான். காலையில் கொஞ்சம் அசதி, அவ்வளவே. ஐந்தாம் நாள், "பாட்டி, காபி ஆறிப்போகுது, எழுந்திரிங்க" என்று தட்டினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறார். ஏழாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சு லேசாகக் குழறுகிறது, முந்தின நாள் யார் வந்துபோனார்கள் என்பது நினைவில்லை. "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

இந்த வீடு கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக நான் அமைத்துக்கொண்டது. ஆனால் இதில் நடப்பது எல்லா ஊரிலும் நடப்பது. மாத்திரை ஒன்று, அளவு ஒன்று, ஒருவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தூக்கம்? எடை, வயது, பிறப்பிலேயே வந்த நொதி வேறுபாடு என்று மூன்று காரணங்களை மருத்துவர்கள் சொல்வார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். எடையின் கை முதல் சில மணி நேரத்தில் ஓங்கியிருக்கும். நொதியின் குறை நான்காம், ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டத் தொடங்கும். வயது இரண்டிலும் பங்குபோட்டுக்கொண்டு, மூளைக்குள்ளும் தனியாக ஒரு வேலை செய்யும். அதனால் தூக்கம் எந்த நாளில் வந்தது என்று கேட்டாலே, காரணத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விடலாம்.

டயசெபாமை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ரோஷ் நிறுவனத்தில் உருவாக்கி, 1963இல் வேலியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்து இது. அறுபது ஆண்டுகளாக இளைஞர், முதியவர், ஒல்லியானவர், பருமனானவர் என்று எல்லோருடைய ரத்தத்திலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மூளையில் நரம்புச் செல்களை அமைதிப்படுத்தும் காபா என்றொரு வேதிப்பொருள் இயல்பாகவே சுரக்கிறது. அதன் வேலையை டயசெபாம் வலுவாக்குகிறது. பதற்றம் தணிவது, வலிப்பு நிற்பது, தசை தளர்வது, தூக்கம் வருவது எல்லாம் அந்த ஒரே செயலின் வெவ்வேறு முகங்கள். தூக்கத்தை மட்டும் கழித்துவிட்டுத் தசைத் தளர்ச்சியை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை.

மாத்திரை வயிற்றுக்குள் போய் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவைத் தொடுகிறது. டயசெபாம் கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள். மூளைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் முதலில் அங்கே போய்ச் சேர்கிறது. பிறகு மெல்ல மெல்லத் தசைகளுக்கும் தோலடிக் கொழுப்புக்கும் இடம்பெயர்கிறது. இப்படி மூளையை விட்டு நகர்வதால்தான் முதல் மாத்திரையின் தூக்கம் சில மணி நேரத்தில் கலைகிறது. மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

உடம்பை ஒரு தண்ணீர்த் தொட்டியாகவும் மருந்தை அதில் ஊற்றும் தண்ணீராகவும் நினைத்துப் பாருங்கள். தொட்டி குறுகலாக இருந்தால் ஒரு குடம் ஊற்றியதுமே மட்டம் சட்டென்று உயரும். அகலமாக இருந்தால் அதே குடம் கொஞ்சமாகத்தான் உயர்த்தும். எடை என்பது பெரும்பாலும் தொட்டியின் அகலம். பேரனுக்கு 5 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 0.064 மில்லிகிராம். பாட்டிக்கு அதே மாத்திரை கிலோவுக்கு 0.119, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் ராத்திரியே ஒல்லியானவருக்குத் தூக்கம் அழுத்தமாக வந்தால் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு மருந்தை எடை பார்த்துக் கொடுக்கும் நாம், 42 கிலோ பெரியவருக்கும் 90 கிலோ பெரியவருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகிறோம். மாத்திரைகள் குறிப்பிட்ட சில அளவுகளில் மட்டுமே தயாராகின்றன, பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்திவிடுகிறது என்பதால் வந்த வழக்கம் இது.

ஆனால் எடையின் ஆட்சி அதிக நாள் நீடிப்பதில்லை. தினமும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் கடைசியில் எந்த மட்டத்தில் போய் நிற்கும் என்பதைத் தொட்டியின் அகலம் தீர்மானிப்பதில்லை. அடியில் உள்ள வடிகுழாய்தான் தீர்மானிக்கிறது. குழாய் பெரிதாக இருந்தால் மட்டம் தாழ்வாக நிற்கும், சிறிதாக இருந்தால் உயர்ந்து நிற்கும். அகலமான தொட்டியில் அந்த மட்டத்துக்கு வந்துசேர அதிக நாள் ஆகும், வடிந்து தீரவும் அதிக நாள் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். பருமனானவர்களிடம் அளந்தபோது டயசெபாம் உடம்பில் தங்கும் காலம் ஒல்லியானவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருந்தது. கொழுப்பில் ஒதுங்கியது மெதுவாகத்தான் திரும்பி வருகிறது. ஆகவே "நான் கொஞ்சம் பருமன், எனக்கு ஒன்று போதாது" என்று தினமும் இரண்டு போட்டுக்கொள்வது தவறான கணக்கு. முதல் ராத்திரி அவருக்கு மருந்து பிடிக்காதது போலத் தோன்றலாம். இரண்டு வாரம் கழித்து மட்டம் ஏறியிருக்கும், நிறுத்திய பிறகும் சீக்கிரம் இறங்காது.

அப்படியானால் அந்த வடிகுழாய் எது? டயசெபாமைப் பொறுத்தவரை கல்லீரலில் உள்ள நொதிகள். அவற்றில் இரண்டு முக்கியமானவை. இந்தக் கதைக்கு வேண்டியது சிஒய்பி 2சி19 என்பது. சுருக்கமாக 2சி19 என்போம். இது டயசெபாமின் வடிவத்தை மாற்றி, வெளியேற்றத்துக்குத் தயார் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், அப்படி மாற்றியதும் கிடைக்கும் முதல் பொருளான நார்டயசெபாமும் தூக்கம் தருவதே. அது டயசெபாமைவிட நீண்ட நாள் தங்கும். அதை உடைப்பதற்கும் 2சி19 வேண்டும். குழாய் சிறுத்திருப்பவருக்கு இரண்டு இடத்திலும் அடைப்பு.

இந்த நொதியில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பது தெரியவந்ததே ஒருவருக்கு வந்த அளவு மீறிய தூக்கத்தால்தான். 1970களின் பிற்பகுதியில் மெஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தை உடம்பு எப்படிக் கையாளுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சிகிச்சைக்குத் தருவதைவிடக் குறைந்த அளவு மருந்திலேயே ஒருவருக்குத் தாங்க முடியாத மயக்கம் வந்தது. ஒவ்வாமை என்று கோப்பை மூடிவிடாமல், அவருடைய ரத்தத்தையும் சிறுநீரையும், பிறகு குடும்பத்தாரையும் சோதித்தார்கள். மருந்தை உடைக்கும் ஒரு படியே அவர் உடம்பில் நடக்கவில்லை என்பதும், அது குடும்பத்தில் இறங்கி வருகிறது என்பதும் புலப்பட்டது. நொதியின் மரபணு பத்தாவது குரோமோசோமில் இருப்பதும், அதில் என்ன கோளாறு என்பதும் பின்னால் தெரிந்தன. பெரும்பாலானவர்களிடம் காணப்படும் கோளாறு ஒரே ஓர் எழுத்து மாற்றம். மரபணுவின் வாசகத்தைச் செல் வெட்டி ஒட்டும்போது அந்த எழுத்தால் தப்பான இடத்தில் வெட்டிவிடுகிறது. விளைவாக நொதி பாதியிலேயே நின்றுபோகிறது, வேலைக்கு ஆகாது.

மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி மட்டும் பழுது என்றால் நொதி குறைவாக இருக்கும், ஆனாலும் ஓரளவு சமாளிக்கும். இரண்டும் பழுது என்றால் இந்த வழி அநேகமாக மூடியதுதான், மற்ற நொதிகளே பாரத்தைச் சுமக்க வேண்டும். ஐரோப்பியரில் இப்படி இரண்டும் பழுதானவர்கள் நூற்றுக்கு 2 முதல் 5 பேர். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மருந்தியல் துறையினர் தமிழரிடையே இந்த மரபணுவைச் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. பழுதான பிரதிகள் பத்துக்கு நான்கு என்ற அளவில் இருந்தன. அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், தமிழரில் ஏறக்குறைய ஆறு ஏழு பேருக்கு ஒருவர் இரண்டு பிரதியும் பழுதானவர், பாதிக்குப் பக்கமானவர்கள் ஒரு பிரதி பழுதானவர். மருந்தின் வழக்கமான அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம் பார்த்து முடிவானவை. அவர்களிடம் அரிதாக இருப்பது நம்மிடம் அரிதல்ல என்பதை மருத்துவம் படிக்காதவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இந்த வேறுபாடு எப்படித் தலைகாட்டுகிறது என்று பார்ப்போம். ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். 1989இல் ஸ்வீடனில் வெளியான ஆய்வொன்றில், நொதி சரியாக உள்ளவர்களிடம் டயசெபாமின் அரை ஆயுள் சராசரி 41 மணி நேரம். நொதி வேலை செய்யாதவர்களிடம் 88 மணி நேரம். நார்டயசெபாமுக்கு 59 மணியும் 128 மணியும். இனிக் கணக்கு எளிது. தினமும் ராத்திரி 5 மில்லிகிராம் என்றால், முதல் மாத்திரை போட்டதும் இருவர் உடம்பிலும் இருப்பது 5தான். இரண்டாம் ராத்திரி போட்டதும் முதலாமவரிடம் சுமார் 8.3, இரண்டாமவரிடம் 9.1. இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஏழாம் ராத்திரி 14க்கு 21. பதினான்காம் ராத்திரி 15க்கு 27. முதலாமவர் ஒரு வாரத்திலேயே தன் மட்டத்தில் நின்றுவிட்டார். இரண்டாமவருக்கு இரண்டு வாரம் தாண்டியும் ஏறிக்கொண்டே இருக்கிறது, நார்டயசெபாம் இன்னும் மெதுவாகப் பின்னாலேயே ஏறி வருகிறது.

"மாத்திரை ஒத்துக்கிட்டுச்சு, ரெண்டு நாளா போடுறாங்க, ஒண்ணும் செய்யல" என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. இரண்டு நாள் சோதனையில் தேறுவதற்கும் ஏழாம் நாளைத் தாங்குவதற்கும் சம்பந்தம் இல்லை. ஐந்தாம் நாள் வரும் தூக்கத்தை யாரும் முதல் நாள் மாத்திரையோடு முடிச்சுப்போடுவதில்லை. வெயில், சாப்பிடாதது, மனச்சோர்வு என்று வேறு ஏதேதோ காரணம் தேடுகிறோம்.

வயதுக்கு வருவோம். 1975இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. 20 வயதில் டயசெபாமின் அரை ஆயுள் சுமார் 20 மணி நேரம், 80 வயதில் சுமார் 90 மணி நேரம், இடையில் வயதோடு நேர்கோட்டில் ஏறுகிறது. வயது எத்தனையோ அத்தனை மணி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் எண்களோடு இது அப்படியே ஒட்டாது, ஆட்களும் அளந்த முறையும் வேறு. இங்கே பார்க்க வேண்டியது ஏறும் விதத்தைத்தான்.

இந்த ஏற்றத்துக்கு அந்த ஆய்வாளர்கள் கண்ட காரணம் கல்லீரல் தளர்ந்தது அல்ல. தொட்டி அகன்றதுதான். வயதாக ஆகத் தசையும் உடம்பின் நீரும் குறைந்து, கொழுப்பின் பங்கு கூடுகிறது. எடை கூடாமலே இது நடக்கும். 42 கிலோ பாட்டி மெலிந்துதான் தெரிவார், ஆனால் அந்த 42 கிலோவில் கொழுப்பின் பங்கு அவருடைய முப்பது வயதில் இருந்ததைவிட அதிகம். கொழுப்பை நாடும் டயசெபாம் அங்கே போய் ஒதுங்கி, நாள் கடந்து திரும்புகிறது. ஆனால் தொட்டி அகன்றால் மட்டம் உயராது என்றல்லவா முன்பு சொன்னோம்? சரிதான். மருந்து நீண்ட நாள் தங்குவதை மட்டுமே இது விளக்குகிறது, முதியவர்கள் அதிகம் தூங்குவதை முழுதாக விளக்கவில்லை.

மிச்சத்தை மூளை விளக்குகிறது. 1977இல் பிரிட்டனில் நைட்ரசெபாம் என்ற இதே குடும்பத்துத் தூக்க மாத்திரையை இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு இரு சாராரிடமும் ஒன்றுபோலவே இருந்தது, அரை ஆயுளும் அப்படியே. ஆனால் கையும் கண்ணும் கவனமும் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனையில் முதியவர்கள் அதிகமாகத் தவறினார்கள். டயசெபாமிலும் இதையே கண்டிருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் ஒருவரை அரைமயக்கத்தில் ஆழ்த்த, முதியவருக்கு இளைஞரைவிடக் குறைந்த ரத்த அளவே போதுமானதாக இருந்தது. ஆகவே முதியவரின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து "அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சரியான அளவே அவர் மூளைக்கு அதிகம்.

இதனால்தான் டயசெபாமின் மருந்துக் குறிப்பிலேயே முதியவர்களுக்கு 2 அல்லது 2.5 மில்லிகிராமில் தொடங்கும்படி எழுதியிருக்கிறது. அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கம் வெளியிடும் பீயர்ஸ் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் குடும்பத்து மாத்திரைகளையே பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறது. தூக்கத்துக்காக மட்டும் அல்ல. ராத்திரி கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுவது, இடுப்பு எலும்பு முறிவது, குழப்பம், மறதி என்று பின்னால் வருபவை பெரியவை. நம் பாட்டிக்கு எழுதிய 5 மில்லிகிராம், தொடங்கச் சொல்லும் அளவைப் போல இரண்டு மடங்கு.

இன்னொரு சேதியும் அந்த வீட்டில் யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது. பாட்டி பல மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' என்று ஒன்று போடுகிறார், ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம். அதையும் 2சி19தான் உடைக்கிறது. அந்த வேலையில் நொதி சிக்கிக்கொள்வதால் டயசெபாமின் வெளியேற்றம் குறைகிறது. 1990இல் இதை அளந்தபோது, நொதி சரியாக உள்ளவர்களிடம் டயசெபாம் வெளியேறும் வேகம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. நொதி இல்லாதவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே மூடிய குழாயை இன்னும் எப்படி மூடுவது? இதிலிருந்து, மரபணு நன்றாக இருப்பவர்கூட வேறொரு மாத்திரையால் தற்காலிகமாக மெதுவானவராக மாறலாம் என்பது தெரிகிறது. அதே வயிற்று எரிச்சலுக்குத் தரும் பான்டோப்ரசோல் டயசெபாமை இப்படித் தடுப்பதில்லை. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளுகனசோலும், மனநல மருந்தான ஃப்ளுவாக்சமினும் ஒமெப்ரசோலைவிட வலுவாகத் தடுப்பவை.

இனி, தூக்கம் வந்த நாளை வைத்து எப்படி யோசிப்பது என்று பார்க்கலாம். முதல் ராத்திரியே, முதல் சில மணி நேரத்திலேயே அழுத்தமான மயக்கம் என்றால் சிறிய உடம்புக்குப் பெரிய அளவு, முதிய மூளை, அல்லது கூடவே போன வேறொன்று. சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமைன், வலிக்குத் தரும் டிரமடால், மது ஆகியவை அந்த வேறொன்றில் அடிக்கடி வருபவை. மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் மருந்து தேங்குகிறது. நொதி, கல்லீரல், கூடப் போடும் மாத்திரைகள் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். மாதக்கணக்கில் அதே மாத்திரையில் நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று தூக்கம் கூடினால் மரபணுவைக் குறை சொல்ல முடியாது, அது பிறந்ததிலிருந்து மாறவில்லை. கடந்த சில வாரங்களில் புதிதாக எது சேர்ந்தது என்று கேட்க வேண்டும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, சாப்பாடும் தண்ணீரும் இறங்காமல் போனது ஆகியவையும் 'புதியவை' கணக்கில்தான் சேரும்.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத இரண்டு நிலைமைகள் உண்டு. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ மட்டும் வலுவிழந்தாலோ அது மாத்திரை மயக்கம் அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். பெயர் சொல்லி உலுக்கியும் விழிக்காவிட்டாலோ, மூச்சு மெதுவாகி இடைவெளி விட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் 108தான். மருத்துவமனையில் ஃப்ளுமசெனில் என்ற முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அதன் வேலை ஒரு மணி நேர அளவில் தீர்ந்துவிடும், டயசெபாமோ நாள்கணக்கில் நிற்கும். எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடி மயங்குவது அதனால்தான். "தெளிஞ்சுட்டாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று அவசரப்படக் கூடாது.

பாட்டியின் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு வார மாத்திரை என்பதால் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் போட்டவர் அப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்திய மறுநாளே பாட்டி பழையபடி ஆகிவிடுவார் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. அவருடைய அரை ஆயுள் 88 மணி என்றால், உள்ளே இருப்பதில் பாதி குறையவே மூன்றே முக்கால் நாள் ஆகும், பெரும்பகுதி தீர இரண்டரை வாரம். அதுவரை ராத்திரி எழும்போது ஒருவர் கூடப் போக வேண்டும், தூக்கம் தரும் வேறெந்த மாத்திரையும் சேரக் கூடாது. தசைப்பிடிப்புக்குச் சூட்டு ஒத்தடமும் பாரசிட்டமாலும் பல நேரம் போதும். பதற்றத்துக்கோ வலிப்புக்கோ இந்தக் குடும்பத்து மருந்து கட்டாயம் வேண்டும் என்றால், 2சி19ஐ நம்பியிராத லோராசெபாம் போன்றதை மருத்துவர்கள் எடுப்பது உண்டு. கல்லீரல் அதை வேறொரு வழியில், ஒரே படியில் முடித்துவிடும், தூக்கம் தரும் மிச்சப்பொருளும் இராது. தேங்கும் பிரச்சினை இதனால் குறையும். முதிய மூளையின் கூச்சம் குறையாது, அளவு சிறிதாகவே இருக்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனை செய்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ரத்தத்திலோ எச்சிலிலோ எடுத்து 2சி19ஐப் பார்க்கும் வசதி பெரிய ஆய்வகங்களில் இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் அது வடிகுழாயில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். வயதையும் மூளையின் கூச்சத்தையும் கூடப் போடும் ஒமெப்ரசோலையும் அது அறியாது. ஒரு வாரத்து டயசெபாமுக்காக இந்தச் சோதனை தேவையில்லை, குறைந்த அளவில் தொடங்கி ஐந்தாம் நாள் கவனித்தாலே போதும். வலிப்புக்கு ஆண்டுக்கணக்கில் போடும் க்ளோபசாமில் விஷயம் வேறு. அதன் மிச்சப்பொருளையும் 2சி19தான் உடைக்கிறது. நொதி இல்லாதவரிடம் அது பல மடங்கு தேங்குவதால், அவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றும்படி மருந்துக் குறிப்பே சொல்கிறது. பிள்ளைக்கு வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் வகுப்பில் எந்நேரமும் தூங்கி விழுகிறான் என்று பெற்றோர் சொன்னால் அந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

சோதனை முடிவு கையில் இருந்தால், அதைத் தூக்கத்தோடு சம்பந்தமில்லாத மருத்துவரிடமும் காட்ட வேண்டும். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் க்ளோபிடோக்ரல் மாத்திரை, 2சி19 அதை மாற்றிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். டயசெபாமில் அளவுக்கு மீறித் தூங்கிய அதே ஆளுக்கு இந்த மாத்திரை போதிய பலன் தராமல் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் இதற்காகவே கடும் எச்சரிக்கை சேர்த்தது, மாற்று மாத்திரைகளும் இருக்கின்றன. ஒருவருக்கு இரண்டு பிரதியும் பழுது என்று தெரிந்தால், அவருடைய பிள்ளைகள் எல்லோரிடமும் பழுதான பிரதி ஒன்றாவது நிச்சயம் இருக்கும். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் இரண்டும் பழுதாக இருக்க நான்கில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு. "எங்க அக்காவுக்கு இந்த மாத்திரை போட்டா ரெண்டு நாளைக்கு எழுந்திருக்கவே மாட்டாங்க டாக்டர்" என்று யாராவது சொன்னால், மருந்துச் சீட்டு எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய தகவல் அது.